நல்ல நேரத்தில் இறுக்கிய போல்ட்

அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு இறங்கும் வீதியில் பாதி தூரம் வந்துவிட்டேன். பின்னால் பஸ் வந்து வேகம் குறைத்தது. நான் கை காட்டவில்லை. கோபம் வந்தால் என்னால் உட்கார முடியாது. நடக்க வேண்டும். நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி என்னைப் பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் போய்விட்டது.

காற்சட்டைப் பையில் என் எலன் சாவி இருந்தது. ஒவ்வோர் எட்டுக்கும் தொடையில் இடித்தது. ஆறு பட்டை வைத்து, முனை வளைந்த சின்னச் சாவி. கட்டில், அலுமாரி, மேசை எதைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினாலும், போல்ட் திருக அதுதான் வேண்டும். பெட்டியோடு வரும் சாவி இரண்டு கட்டிலுக்கு மேல் தாங்காது, பட்டை தேய்ந்துவிடும். இதை நானே ஹாட்வெயாரில் பார்த்து வாங்கினேன். கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடையில் ஐந்து மாதம் வேலை செய்ததில் எனக்கென்று மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

நான் ஒரே இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் பேக்கரி, வவுனியாவில் செங்கல் சூளை, மாத்தளையில் பெயின்ட் வேலை, பிறகு கண்டியில் இந்தத் தளபாடக் கடை. கடையில் லொறி ஓட்டுகிறவர் கம்பளையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். நான் அவரை நானா என்பேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. அவர் ஓட்டுவார், நான் பூட்டுவேன். பெட்டியில் வரும் தாளில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் படம் வரும். ஒரு படத்தில் போல்ட் பாதி உள்ளே போயிருக்கும். அடுத்த படத்திலும் பாதிதான். எல்லாப் பாகமும் சேர்ந்து, கட்டில் தன் காலில் நின்ற பிறகுள்ள படத்தில்தான் சாவியைச் சுற்றி அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் எனக்கு முதல் கட்டிலிலேயே விளங்கியது, ஏனென்றால் நான் அதைத் தப்பாகப் பூட்டி, முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டினேன்.

அன்று புதன்கிழமை. அம்பிட்டியவில் மலைச்சரிவில் கட்டிய இரண்டு மாடி வீடு. எங்கள் மலையகத் தமிழ் ஆட்கள்தான். ஒரு காலத்தில் அவர்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும்; ஆனால் அதைச் சொல்லுகிற வீடு இல்லை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர். மகன் கட்டார் நாட்டில் வேலை. மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள். குழந்தையை முதல் தடவை தொட்டிலில் போட வேண்டும். சேலைத் தொட்டிலுக்குப் பதிலாக, சுற்றிலும் குச்சித் தடுப்பு வைத்த மரக் கட்டில். அதைப் பூட்டத்தான் நானாவும் நானும் போயிருந்தோம். மருமகளின் அண்ணன், அதாவது குழந்தையின் தாய்மாமன், கொழும்பில் வங்கியில் வேலை. முதல் நாளே வந்திருந்தான். கட்டில் அவன் வாங்கிக் கொடுத்தது.

பெரியவர் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார். ஒன்பது பத்துக்கு முதல் போல்ட். தாய்மாமன் கையால். பதினொன்று பத்திலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்துக்குள் குழந்தையைக் கிடத்த வேண்டும். பன்னிரண்டுக்கு ராகு காலம் பிடித்துவிடும்.

வீடு கட்ட முதல் கல் வைப்பதைப் போல முதல் போல்ட்டும் வைக்கிறார்கள், வைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் என்னை முதலில் "பாஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் தெரிந்தவனுக்கு இங்கே அந்தப் பெயர். "பாஸ், வாங்க. பாஸ், டீ குடிங்க." நானும் குடித்தேன்.

ஒன்பது பத்துக்கு நான் தலைப்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். பக்கச் சட்டத்தின் ஒரு முனையை அதில் பொருத்தினேன். மறுமுனையைப் பெரியவர் பிடித்தார். தாய்மாமன் போல்ட்டைத் துளையில் விட்டான். நானா கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். கட்டாரிலிருந்து குழந்தையின் அப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, கொஞ்சம் மேல தூக்குங்க, எனக்குத் தெரியல்ல" என்றது தொலைபேசி.

பெரியவர் சட்டத்தை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கினார்.

"இப்ப தெரியுது! மச்சான், நல்லா இறுக்குங்க!"

மச்சான் இறுக்கினான். ஊதுபத்தி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியோடு வந்த சாவி வளைகிற அளவுக்கு இறுக்கினான். போல்ட்டின் தலை மரத்துக்குள் புதைந்தது. சட்டம் ஒரு பக்கம் தூக்கியிருந்ததால் மேல் மூட்டு மட்டும் அழுந்திப் பூட்டிக்கொண்டது. கீழ் மூட்டு வாய் திறந்தது. நான் பார்த்தேன். பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைக்கே அது தெரிந்தது. "போதும்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசேஷ வீட்டில் படம் எடுக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆட்கள் போன பிறகு தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது என் பிழை.

ஆட்கள் போகவில்லை. நான் சாவியை அந்தப் போல்ட்டில் வைத்ததும் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதுல கை வைக்காதீங்க."

"ஐயா, இத கழட்டிட்டுத்தான் மத்தது போடலாம். கோணலா நிக்குது."

"நல்ல நேரத்துல இறுக்கினது. கழட்டக் கூடாது. மத்தத அதுக்குத் தக்கன போடுங்க."

அதற்குத் தக்கன போட்டுப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு நான்கு போல்ட், இரண்டு பக்கத்துக்கு எட்டு. மெத்தை கிடக்கும் அடித்தட்டுக்கு நான்கு. ஒன்று வளைந்து நின்றால் மற்றப் பதினொன்றும் அதோடு சண்டை போடும். மரத்துக்குள்ளே ஓர் உருளை நட் படுத்திருக்கும்; போல்ட் நேராக வந்தால்தான் அது கவ்வும். கீழ் மூட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஆப்பு வடிவில் இடைவெளி. அங்கே போல்ட் நேராக வராது. தலைப்பக்கப் பலகையே கீழே வெளிப்பக்கமாகத் தள்ளி நின்றது. அதனால் அடித்தட்டின் ஒரு மூலை அதன் துளைக்கு எட்டவில்லை.

"மூணு மூலை போதாதா?" என்றான் தாய்மாமன். "சின்னப் பிள்ளைதானே, என்ன பாரம்?"

மெத்தையைப் போட்டுக் காட்டினேன். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. அந்த மூலையில் மூன்று விரல் தாராளமாகப் போனது. மெத்தையில் கையை ஊன்றினேன். மூலை தாழ்ந்தது. என் முஷ்டியே இறங்கியது.

"ஒரு துடைக்கிற துவாயைச் சுருட்டி அதுல அடைச்சிரலாம்" என்றார் பெரியவர்.

"துவாய் வேணாம் ஐயா. பிள்ளை மூஞ்சியில பட்டா மூச்சு முட்டும். அந்த ஓட்டைய அடைக்கக் கூடாது, ஓட்டையே இருக்கக் கூடாது."

"ஒனக்கு எல்லாம் தெரியுமோ?" என்றான் தாய்மாமன். பாஸ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எத்தனையாம் வகுப்பு படிச்ச?"

"ஏழு."

"அப்ப சொன்னதச் செய். பேங்க்ல என்கிட்ட வந்து கையெழுத்து வைக்கத் தெரியாம நிக்கிற ஆளுங்க மாதிரி இருந்துகிட்டு எனக்கே பாடம் எடுக்கிற."

எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"நீங்க பிள்ளைக்கு கட்டில் செய்யல்ல. சவப்பொட்டி செஞ்சு வச்சிருக்கீங்க."

முப்பத்தோராம் நாள் வீட்டில், ஊதுபத்தி எரியும்போது சொன்னேன். தொலைபேசி இன்னும் நானாவின் கையில்தான் இருந்தது. கட்டார் வரைக்கும் கேட்டிருக்கும். பெரியவர் இரண்டு காதையும் பொத்தினார். தாய்மாமன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. செருப்பைப் போட்டேன், இறங்கினேன்.

நானா வாசலுக்கு ஓடி வந்தார். "தம்பி, என்ன வாப்பா இது? வா, மன்னிப்புக் கேளு."

"நீங்களே பூட்டுங்க நானா."

"எனக்கு ட்ரில்தான் தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். நானா பூட்டினால் எப்படிப் பூட்டுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பற்றரி ட்ரில்லை வைத்து, வருகிற போல்ட்டை வருகிற இடத்தில் ஒரே அடியாக இறுக்குவார். கடையில் அதுதான் வழக்கம். மத்தியானத்துக்குள் நான்கு வீடு முடிக்க வேண்டும் என்றால் எவன் கையால் இறுக்குவான்? அலுமாரி என்றால் பரவாயில்லை. கதவு சாத்தாது, அவ்வளவுதான். அலுமாரிக்குள் எவனும் பிள்ளையைப் படுக்கவைப்பதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சொல்லித் திட்டிக்கொண்டுதான் வீதியில் நடந்தேன். வாய் விட்டே திட்டினேன். எதிரே வந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வீதியின் மறுபக்கம் போனார். தாய்மாமனைத் திட்டினேன், பஞ்சாங்கத்தைத் திட்டினேன், ட்ரில் கண்டுபிடித்தவனைத் திட்டினேன்.

ஒரு திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. குடிக்கக் குனிந்தேன். பையிலிருந்த சாவி கீழே விழுந்தது. எடுத்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மெத்தையில் முஷ்டி இறங்கியதற்காக நான் வெளியேறவில்லை. எத்தனையாம் வகுப்பு என்று கேட்டதற்காக வெளியேறினேன். அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் அதில் ஒரு பிள்ளையைக் கிடத்துவார்கள்.

எங்கள் தோட்டத்தில் அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே மரத் தொட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஒரு மூலை பிளந்திருந்தது. துணி அடைத்து வைத்திருந்தார்கள். என் தம்பியின் கை அதற்குள் போய்ச் சிக்கியது. ஆயா பிள்ளையைத் தூக்கும்போது கை வரவில்லை, பிள்ளை மட்டும் வந்தது. முழங்கை முறிந்தது. அது சரியாகப் பொருந்தவில்லை. இன்றைக்கும் அந்தக் கை முழுதாக நீளாது. தம்பி அதே கையால் கொழும்பில் ஒரு கடையில் தேநீர் ஆற்றுகிறான். நீளமாக ஆற்ற வராது. வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

துணியை அடைத்தது யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அன்று அங்கே வேலைக்குப் போன ஒருவன் அதைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, கோபப்பட்டோ படாமலோ, வீட்டுக்குப் போயிருப்பான்.

நான் திரும்பினேன். இறங்கும்போது இருபது நிமிஷம் எடுத்த வீதி அது. ஏறும்போது ஓடினேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்கூட வரவில்லை.

வீட்டு வாசலில் பெரியவர் நின்றார்.

"நில்லு. உள்ள வராத."

"ஐயா, நான் சொன்ன வார்த்தை பிழை. அத வாபஸ் வாங்கிக்கிறேன். கட்டிலப் பத்தி சொன்னத வாங்க மாட்டேன்."

"அடிச்சுத் துரத்துங்க மாமா அவன" என்று உள்ளேயிருந்து தாய்மாமன் கத்தினான்.

கூடத்தில் கட்டில் நின்றது. நானா மூன்று மூலையில் அடித்தட்டைப் பூட்டியிருந்தார். நான்காவதிலும் ட்ரில்லை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டிருந்தார்; துளையைச் சுற்றி மரம் கீறியிருந்தது. கீழ் மூட்டில் போல்ட்டைக் கோணலாகவே உள்ளே தள்ளி ட்ரில்லால் ஓட்டியிருந்தார்; இரண்டு புரி பிடித்து அங்கேயே சிக்கி நின்றது. மூலையில் மஞ்சள் நிறத் துவாய் ஒன்று சுருட்டி அடைத்திருந்தது. மேலே புதுப் படுக்கை விரிப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானா என் முகத்தைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அறையிலிருந்து குழந்தையின் தாய் வெளியே வந்தாள். இருபத்திநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். தலை குளித்து ஈரம் காயாத கூந்தல். குழந்தை தோளில். காலையிலிருந்து அவளை எவரும் கூடத்துக்குள் வர விடவில்லை. நேரம் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்ன அண்ணே பிரச்சினை?" அவள் என்னைத்தான் கேட்டாள்.

நான் வாசற்படியைத் தாண்டினேன். துவாயை உருவி எறிந்தேன். மெத்தையில் ஒரு கையை ஊன்றி, மறு கையை முஷ்டியாக்கி மூலையில் விட்டேன். மணிக்கட்டு வரை போனது. அவள் அருகே வந்து, குழந்தையைத் தோளில் அணைத்தபடியே, தன் கையையும் அதற்குள் விட்டாள். அவளுக்குச் சின்னக் கை. முழங்கை வரை போனது.

"இது ஏன் இப்புடி?"

"முதல் போல்ட் கூட இறுகிருச்சு. அதத் தளர்த்தினா எல்லாம் சரியாயிடும். விடுறாங்க இல்ல."

"நல்ல நேரத்துல இறுக்கினது, பிள்ள" என்றார் பெரியவர். அவர் குரல் இப்போது கெஞ்சியது. "கழட்டினா பிள்ளைக்கு ஆகாது. ஐயர்கிட்ட கேட்டுத்தான் வச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. காலையிலிருந்து கழட்டு, கழட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் போல்ட் வெளியே வரத் தேவையே இல்லை. கோபத்தில் நானும் தாய்மாமனைப் போலத்தான் இருந்தேன்.

"ஐயா, வெளிய எடுக்க வேணாம். பிள்ளையோட மாமா வச்ச துளையிலயே இருக்கட்டும். இரண்டு சுத்து தளர்ந்தா போதும். சட்டம் கீழ இறங்கி நேரா உக்காரும். கடைசியா அதையே திரும்ப இறுக்கலாம்."

பெரியவர் யோசித்தார். தாய்மாமன் யோசிக்கவில்லை.

"நான் இறுக்கினத ஒருத்தனும் தொடக் கூடாது. இவன் சொல்லித்தான் நான் கேக்கணுமா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, அந்த ஓட்டைக்குள்ள ஒங்க கைய ஒருக்காவது விட்டுப் பார்த்தீங்களா?"

அவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டான்.

அவள் குழந்தையைத் தூக்கி மாமனாரின் கையில் கொடுத்தாள். கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்? இரண்டு கையும் நிறைந்ததும் பெரியவரால் எதையும் தடுக்க முடியவில்லை. "கழுத்தப் பிடிங்க மாமா" என்றாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். நான் என் சாவியைக் கொடுத்தேன். குனிந்து போல்ட்டில் வைத்துத் திருகினாள். அசையவில்லை.

"அது இறுக்கிற பக்கம். மற்றப் பக்கம்."

மற்றப் பக்கம் திருகினாள். இரண்டு கையாலும். கிறீச் என்று ஒரு சத்தம். வீட்டில் எல்லாரும் கேட்டோம்.

"எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது" என்றார் பெரியவர், குழந்தையிடம்.

"என்ன நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!" என்றது தொலைபேசி. நானா அதை அலுமாரியின் மேல் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அவர் செய்த முதல் நல்ல காரியம் அது.

நேரம் பதினொன்று பதினைந்து. நானா பூட்டியதையெல்லாம் தளர்த்தினேன். புரி கெட்ட போல்ட்டை வெளியே எடுத்து, நட்டையும் மாற்றி, லொறியிலிருந்த உபரியைப் போட்டேன். எட்டுப் போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி விட்டேன். அடித்தட்டின் நான்கையும் அப்படியே. கட்டில் ஆடியது. ஆட வேண்டும். நான்கு காலும் தரையில் பட்டு, அது தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கூடத்துத் தரை ஒரு பக்கம் சரிவு; நானாவும் நானும் சமமான இடம் பார்த்து நகர்த்தினோம். ஒரு நூலை எடுத்து மூலைக்கு மூலை பிடித்தேன். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்தேன். அரை அங்குலம் வித்தியாசம். தோளால் மெல்லத் தள்ளினேன். இரண்டும் சரியானது.

அதன் பிறகுதான் சாவி. கீழ் மூட்டு முதலில். ஒரு மூலையில் கால் சுற்று, எதிர் மூலையில் கால் சுற்று. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. சுற்றிச் சுற்றி வர வேண்டும். கீழே முடிந்ததும் மேலே. கடைசியாகத் தாய்மாமனின் போல்ட். அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நானே இறுக்கினேன். மூட்டு மூடியது. ஒரு தாள்கூட நுழையாது.

"நேரம் என்ன?" என்றார் பெரியவர்.

"பதினொன்னு நாப்பத்தஞ்சு" என்றார் நானா.

"அப்ப முடிஞ்சுதே. பிள்ளைய வைக்கலாம்."

"இன்னும் பார்க்கல்ல ஐயா."

"இனி என்ன பார்க்கிற?"

அடித்தட்டின் நான்கையும் இறுக்கினேன். மூன்று பிடித்தன. நான்காவது, அந்த மூலைதான், எவ்வளவு சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. கவ்வவில்லை. உள்ளே நட் திரும்பிவிட்டிருந்தது. நானாவின் ட்ரில் செய்த வேலை. பார்வைக்குத் தெரியாது. மெத்தையைப் போட்டால் பூட்டியது போலவே இருக்கும்.

"இது பிடிக்கல்ல."

"பிள்ளைய அஞ்சு நிமிசம் கிடத்தி எடுத்துருவோம். நேரத்துக்கு ஒருக்கா வச்சா போதும். பிறகு நீ என்ன வேணும்னாலும் செய்."

அந்த நிமிஷத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சுகமாக இருந்திருக்கும். எனக்கும் வேலை இருந்திருக்கும். ஆனால் கிடத்திய பிள்ளையை எடுத்த பிறகு எவனும் என்னைக் கூப்பிட்டு "இப்ப செய்" என்று சொல்லப்போவதில்லை. விசேஷம் முடிந்த வீட்டில் பூட்டாத போல்ட் பூட்டாமலே கிடக்கும்.

"மாட்டேன்" என்றேன். கட்டிலுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டேன்.

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கட்டிலின் அருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க செய்ங்கண்ணே."

நட்டின் தலையில் ஒரு கீறல் இருக்கும். ஸ்க்ரூ ட்ரைவரின் முனையை அதில் வைத்துத் துளைக்கு நேராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மறுகையால் போல்ட்டை விட வேண்டும். வியர்வையில் கை வழுக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை தவறியது. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்தது, விழுங்கினேன். பெரியவர் சுவர்க் கடிகாரத்தின் முன்னால் போய் நின்றார். ஆறாவது தடவை கவ்வியது. இறுக்கினேன். மெத்தையைப் போட்டேன். ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் விரலை வைத்தேன். ஒன்றரை விரல். நான்கு பக்கமும் பார்த்தேன். மூலைகளில் கையை ஊன்றினேன், தாழவில்லை. பக்கச் சட்டத்துக் குச்சிகளுக்கு நடுவில் நான்கு விரலைச் சேர்த்து வைத்துத் தள்ளிப் பார்த்தேன், முட்டி நின்றது. எந்தப் போல்ட்டின் தலையாவது நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று உள்பக்கம் முழுவதும் உள்ளங்கையால் தடவினேன். பிறகு பிடித்து உலுக்கினேன். சத்தமே இல்லை.

"இப்ப வைக்கலாம்" என்றேன்.

பெரியவர் திரும்பவில்லை. "பன்னெண்டு மூணு" என்றார். "ராகு காலம்."

ஒன்றரை வரை வைக்க முடியாது. அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை மடியில் தூங்கிவிட்டது. காலி கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ஒன்றரைக்கு வைக்கிறேன் மாமா" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அவன் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான்.

சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "ஒரு கிழமை, ஏழு நாள் போனா மரம் கொஞ்சம் அமரும். பன்னெண்டு போல்ட்டையும் ஒருக்கா பாருங்க. பிள்ள எழும்பி உக்கார்ற வயசு வந்தா, அடித்தட்ட கீழ் துளைக்கு இறக்கணும்." பெட்டியோடு வந்த சாவியைத் தேடினேன். தாய்மாமன் இறுக்கியதில் அதன் பட்டை போயிருந்தது. என் சாவியைக் கட்டிலின் தலைமாட்டு மேசையில் வைத்தேன்.

"எந்தப் பக்கம் இறுக்கணும்னு ஞாபகம் இருக்கா?"

"நான் முதல்ல திருகின பக்கம்" என்றாள்.

லொறி கண்டியைத் தாண்டுவதற்குள் நானாவுக்கு முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் எங்களை முந்திக்கொண்டு கடைக்குப் பேசிவிட்டார். நானா "சரி ஹாஜியார், சரி ஹாஜியார்" என்று மட்டும் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டினார்.

"ஒன்ன கடைக்குக் கூட்டிக்கிட்டு வர வேணாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லச் சொல்லுற தம்பி? எனக்கு வீட்டுல நாலு வாய் இரிக்கி."

"நட்ட திருப்பி வச்சது ஒங்க ட்ரில்னு சொன்னீங்களா?"

நானா ஹோர்ன் அடித்தார். முன்னால் வாகனமே இல்லை. கடைக்குப் போகாமல், கம்பளைக்குத் தன் வீட்டுக்கே லொறியை விட்டார். இறங்கும்போது "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். கதவை ஓங்கிச் சாத்திவிட்டு நடந்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. நானா கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் போகவில்லையோ என்னவோ.

அன்று இரவு கம்பளை ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். விடியும்போது சந்தைப் பக்கம் போனேன். கல்யாண வீடுகளுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிற ஒருவர் லொறியில் இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் ஒன்று குறைகிறது என்றார். நான் சட்டைக் கையை மடித்தேன்.

"போல்ட் பூட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"சாவி கையில இருக்கா?"

"இல்ல. அம்பிட்டியவுல ஒரு வீட்டுல இருக்கு."

அவர் ஒரு பெரிய ஸ்பேனரைத் தூக்கி என்னிடம் போட்டார். ஒரு மைதானத்தில் இறங்கினோம். முதல் தூணை நிறுத்தியதும் அங்கேயிருந்த ஒருவன் போல்ட்டை விட்டு இறுக்கத் தொடங்கினான். முழு பலத்தோடு. நான் அவன் கையைப் பிடித்தேன்.

"விரலால மட்டும் திருகு" என்றேன். "நாலு தூணும் நிக்கட்டும்."